ஏரிக்கரையில் ஒரு மாலை: நாவலின் ஓர் அத்தியாயத்தை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவருதல்

பள்ளி நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு படிதான் இருக்கும். வகுப்பிலோ நாற்பது பேர். எனவே ஆசிரியர் ஓர் அத்தியாயத்தைக் கைபேசியில் படமெடுத்துத் திறன்பலகையில் காட்டுகிறார், அல்லது நகலெடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் பலர் இதைச் செய்திருப்பீர்கள். படித்து முடித்ததும் "இதன் சுருக்கத்தை எழுதுக" என்கிறோம். கதை நிகழ்வுகள், கதைமாந்தர், கருப்பொருள் என்று மூன்று தலைப்புகளையும் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். மாணவர் எழுதிக் கொண்டுவருவதைப் பார்த்தால் நாவலில் இல்லாத நிகழ்ச்சி இருக்கும், மூன்று பேர் ஒரே ஆளாகியிருப்பார்கள், கருப்பொருள் என்ற இடத்தில் 'வீரம்' என்ற ஒற்றைச் சொல் நிற்கும்.

வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசிவிட்டு வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இப்பகுதியில் கணிசமாக உண்டு. அத்தகைய மாணவருக்கு அந்த ஒரு பக்கச் சுருக்கம்தான் நாவலுக்குள் நுழையும் வாசல். அது தவறாக இருந்தால், அவர் படித்தது கல்கியின் நாவலே அல்ல. ஆகவே ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, படமெடுப்பது முதல் ஒரு பக்கமாகச் சுருக்குவது வரை இங்கே செய்து பார்ப்போம். எடுத்துக்கொள்வது 'பொன்னியின் செல்வன்' முதல் பாகமான 'புது வெள்ளம்', அதன் முதல் அத்தியாயம், 'ஆடித் திருநாள்'.

இந்நூலைத் தேர்ந்ததற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கல்கி 1954-இல் மறைந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் பதிப்புரிமை முடிகிறது. அவருடைய நூல்கள் நாட்டுடைமையும் ஆக்கப்பட்டவை. ஆகவே பக்கங்களைப் படமெடுத்து மாணவருக்குக் கொடுப்பதில் தடையில்லை. இன்று வாழும் எழுத்தாளரின் நாவல் என்றால், வகுப்பில் கற்பிப்பதற்காக ஆசிரியர் நகலெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக முழுப் புத்தகத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்று பொருளாகாது.

படத்தில் தொலையும் வினைமுற்று

சுருக்கத்தில் வரும் பிழைகளில் சில, மாணவர் பேனாவை எடுப்பதற்கு முன்பே படத்தில் பிறந்துவிடுகின்றன. தடித்த நாவலை விரித்து இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே படமாக எடுத்தால், நடுத் தையல் பக்கம் காகிதம் வளைந்து உள்ளே போகிறது. இடப்பக்கத்தில் வரிகளின் முடிவும், வலப்பக்கத்தில் வரிகளின் தொடக்கமும் அந்த நிழலில் மறைகின்றன. தமிழுக்கு இது பெரிய இழப்பு. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதையெல்லாம் நம் மொழியில் வினையின் கடைசி அசைதான் சொல்கிறது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' மூன்றும் நிழலில் 'வந்தா' என்று நிற்கும். 'போகவில்லை' என்பது 'போக' என்று முடிந்துவிடும். மாணவர் தமக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்.

எனவே ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று எடுப்பதே நல்லது. சன்னலோரம் பகல் வெளிச்சத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி புத்தகத்தை வையுங்கள். கைபேசியின் மின்னொளியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தின் நடுவே வெள்ளைத் திட்டு விழும். எடுக்காத பக்கத்தை ஒரு மாணவர் சற்றே தூக்கிப் பிடித்தால் எடுக்கும் பக்கம் தட்டையாகும். பக்க எண் கட்டாயம் படத்துக்குள் வரவேண்டும். அந்த எண்தான் பின்னால் நமக்குச் சாட்சி.

எடுத்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் கடைசி வரியையும் அடுத்த படத்தின் முதல் வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியம் ஒட்டினால் பக்கம் விடுபடவில்லை என்று பொருள். இந்த அத்தியாயம் பதிப்பைப் பொறுத்து ஏறக்குறைய பத்துப் பக்கம்தான் வரும், சோதிக்க மூன்று நிமிடம் போதும். வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால் படங்கள் வரிசை மாறக்கூடும், எழுத்தும் மங்கும். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. பெயரை 01, 02 என்று மாற்றி அனுப்பினால் வரிசையும் குழம்பாது.

படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றித் தரும் செயலிகளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தலாம். ஆனால் அச்சில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிவதால் இரண்டையும் அவை மாற்றிப் போடும். ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண் ஆகியவற்றையாவது படத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு கிடைத்திருந்தால் செயலி மட்டுமல்ல, மாணவரும் தடுமாறுவார். பழைய 'லை', 'னை', 'றா' வடிவங்களைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நடந்தது எது, நினைத்தது எது

இனி அத்தியாயத்துக்கு வருவோம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளின் மாலை. வாணர் குலத்து வீரன் வல்லவரையன் வந்தியத்தேவன் நெடுந்தூரம் வந்து களைத்த குதிரைமேல் வீரநாராயண ஏரிக்கரையில் மெல்லச் செல்கிறான். ஏரி கடல்போல விரிந்து கிடக்கிறது. தொண்டை நாட்டில் தான் கண்ட ஏரிகளோடு அதை ஒப்பிட்டு வியக்கிறான். அந்த ஏரியை அமைத்த இளவரசர் இராஜாதித்தரையும், தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவர் உயிர்நீத்ததையும் நினைக்கிறான். ஏரிக்கு 74 கணவாய்கள் உண்டு என்று கேள்விப்பட்டது நினைவுக்கு வருகிறது. வடவாறு ஏரியில் கலக்கும் இடத்தில் ஊர்மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடிப் பெருக்கு விழா கொண்டாடுகிறார்கள். கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் உண்கிறார்கள். பெண்கள் பாடுகிறார்கள். அவன் நின்று கேட்கிறான். அந்த வேளையில் பெரிய படகுகள் தெரிகின்றன. முன்னால் விரைந்து வந்த படகிலிருந்து வேல் பிடித்த வீரர்கள் குதித்துக் கரையில் நிற்கும் மக்களை விரட்டுகிறார்கள். வந்தியத்தேவன் ஒரு பெரியவரிடம் விசாரிக்கிறான். படகில் பறப்பது பனைக்கொடி, அது பழுவேட்டரையரின் கொடி என்று தெரிகிறது. காஞ்சியில் இளவரசர் ஆதித்த கரிகாலர் தன்னிடம் ஒப்படைத்த பணியை எண்ணி, அவ்விடத்தில் நிற்காமல் புறப்படுகிறான்.

இந்த அத்தியாயத்தைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். முதலிரண்டு பக்கங்கள் ஒரு குழுவுக்கு, அடுத்தவை இன்னொரு குழுவுக்கு என்று கொடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் குழு அநேகமாக, "இராஜாதித்தர் ஏரி வெட்டுகிறார். போரில் இறக்கிறார்" என்று எழுதும். எல்லாக் குழுக்களின் வரிகளையும் பலகையில் கோத்தால், ஆடிப்பெருக்கு நாளன்று மாலை ஒரு இளவரசர் ஏரி வெட்டி, போருக்குப் போய், மாண்டும் விடுகிறார். அதற்குப் பிறகு பெண்கள் கும்மி பாடுகிறார்கள்!

வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். சிரித்த பிறகு கேளுங்கள்: இந்த வரிகளில் எவை இன்று மாலை ஏரிக்கரையில் நடந்தவை, எவை வந்தியத்தேவன் மனத்தில் ஓடியவை? ஒவ்வொரு வரியின் முன்னும் ஓர் எழுத்துப் போடச் சொல்லுங்கள். கண்முன் நடப்பதற்கு 'ந', நினைவில் வருவதற்கு 'நி', கதாசிரியர் நமக்கு நேரே சொல்வதற்கு 'ஆ'. கல்கி இந்த அத்தியாயத்தை வாசகரை ஆயிரம் ஆண்டு பின்னோக்கி அழைத்துச் செல்லும் பேச்சோடு தொடங்குகிறார் என்பதால் 'ஆ' வரிகளும் தாராளமாகக் கிடைக்கும்.

குறியிட்டு முடிந்ததும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இத்தனை பக்கங்களில் 'ந' என்று தேறுபவை ஐந்தாறு வரிகள்தான். ஒருவன் வருகிறான், பார்க்கிறான், கேட்கிறான், படகு வருகிறது, கூட்டம் விரட்டப்படுகிறது, அவன் போகிறான். சண்டை இல்லை, சந்திப்பு இல்லை. கதை நிகழ்வுகளை மட்டும் பிழிந்தால் இந்த அத்தியாயம் ஒரு தம்ளர்கூட நிறையாது. நிகழ்வு குறைவாகவும் காட்சியும் நினைவும் மிகுதியாகவும் உள்ள அத்தியாயத்தைச் சுருக்கும்போது, 'நி' வரிகளைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அவற்றை நிகழ்வாக மாற்றியும் எழுதக் கூடாது. 'நினைக்கிறான்', 'நினைவுகூர்கிறான்' என்ற வினையோடு அவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். இராஜாதித்தர் ஏரி வெட்டியது இந்த அத்தியாயத்தின் நிகழ்வன்று. வந்தியத்தேவன் அவரை நினைப்பதுதான் நிகழ்வு.

முடிவாகக் கிடைக்கும் கதை நிகழ்வுப் பகுதி இவ்வாறு இருக்கலாம்:

ஆடிப் பதினெட்டு அன்று மாலை வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரை வழியாக வருகிறான். ஏரியின் பரப்பைக் கண்டு வியந்து, அதை அமைத்த இராஜாதித்தரை நினைக்கிறான். வடவாறு கலக்குமிடத்தில் மக்கள் கொண்டாடும் பெருக்கு விழாவை நின்று பார்க்கிறான், பெண்களின் பாட்டைக் கேட்கிறான். பெரிய படகுகள் வர, முன்படகில் வந்த வேல்வீரர்கள் கூட்டத்தை விரட்டுகிறார்கள். படகின் பனைக்கொடி பழுவேட்டரையருடையது என்று ஒரு பெரியவர் மூலம் அறிகிறான். தன் பணியை எண்ணி அங்கிருந்து புறப்படுகிறான்.

ஆறு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் அது எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற எண்ணை மாணவர் எழுத வேண்டும். எண் எழுத முடியாத வாக்கியம் சுருக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த விதியில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. திரைப்படம் வந்தபின் இது இன்னும் தேவையாகிவிட்டது. 2022-இல் வெளியான படத்தைப் பார்த்த பிள்ளைகள் ஆதித்த கரிகாலனின் போரையும் நந்தினியின் முகத்தையும் இந்த அத்தியாயத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். "நந்தினி எந்தப் பக்கத்தில் வருகிறாள்?" என்று கேட்டால் போதும். திட்ட வேண்டியதில்லை, மாணவர் பக்கங்களைப் புரட்டுவார், தாமே அடித்துவிடுவார்.

மூன்று ஆதித்தர்கள்

கதைமாந்தர் பட்டியலில் இரண்டு விதமான பிழைகள் வரும். ஒரே ஆளை இரண்டு மூன்று பேராகப் பிரிப்பது முதல் பிழை. கல்கி வந்தியத்தேவனின் பெயரை உடனே சொல்வதில்லை. முதலில் அவன் குதிரைமேல் வரும் வாலிப வீரன், பிறகு வாணர் குலத்தவன், அதன் பிறகே வல்லவரையன், வந்தியத்தேவன். பிற்பாதிப் பக்கங்களை மட்டும் பார்த்த குழுவும் முற்பாதியைப் பார்த்த குழுவும் இருவேறு ஆட்களாக எழுதிவிடக் கூடும். பட்டியல் போடும்போது ஒரு பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் 'இவரை நூல் வேறு எப்படி அழைக்கிறது' என்று ஒரு கட்டம் விட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது, கண்டுபிடிப்பதும் கடினம். இந்த ஓர் அத்தியாயத்தில் ஆதித்தன் என்ற பெயர் மூன்று பேரைச் சுற்றி வருகிறது. மக்களின் பாட்டில் வரும் ஆதித்த சோழன், விஜயாலயரின் மகன், பழைய மன்னன். இராஜாதித்தர், பராந்தகரின் மகன், ஏரியை அமைத்துத் தக்கோலத்தில் மாண்டவர். ஆதித்த கரிகாலர், கதை நடக்கும் காலத்து இளவரசர், வந்தியத்தேவனை அனுப்பியவர். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால், ஏற்கெனவே இறந்துபோனவர் காஞ்சியிலிருந்து ஆள் அனுப்புகிறார் என்று ஆகும். மாணவர் எழுதியதில் 'ஆதித்தன்' என்ற சொல் தனியே நின்றால் உடனே நிறுத்திக் கேளுங்கள்: பாட்டில் வரும் ஆதித்தனா, ஏரி அமைத்தவரா, ஆள் அனுப்பியவரா?

இதை விளக்க ஒரு காலக்கோடு உதவும். பலகையில் ஒரு கோடு இழுத்து, விஜயாலயர், அவர் மகன் ஆதித்தர், அவர் மகன் பராந்தகர், அவர் மகன் இராஜாதித்தர் என்று தலைமுறையாக எழுதுங்கள். தக்கோலப் போர் நடந்த 949 என்ற ஆண்டை இராஜாதித்தருக்கு நேரே போடுங்கள். ஆவடிப் பிள்ளைகளுக்கு அரக்கோணம் தெரியும், தினமும் அந்த ரயில் அவர்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் பாதையில் தக்கோலம் ஒரு நிலையம் என்று சொல்லிவிட்டால், இராஜாதித்தர் மற்ற ஆதித்தர்களோடு கலக்க மாட்டார். கோட்டின் வலக்கோடியில் ஆதித்த கரிகாலரையும் வந்தியத்தேவனையும் போட்டு, 'கதை இங்கே நடக்கிறது' என்று ஓர் அம்புக்குறி இடுங்கள்.

அடுத்தது, பழுவேட்டரையர் இந்த அத்தியாயத்தின் கதைமாந்தரா? பிள்ளைகள் இருபக்கமும் நின்று வாதாடுவார்கள், வாதாடவும் விடலாம். அவர் முகம் தெரிவதில்லை, ஒரு சொல் பேசுவதுமில்லை. வருவது அவருடைய கொடியும் ஆட்களும்தான். ஆனால் அந்தக் கொடியைக் கண்டதும் கூட்டத்தின் நடை மாறுகிறது, நாயகனின் மனமும் மாறுகிறது. ஆகவே அவரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் 'தோன்றுபவர்' என்ற பகுதியில் அல்ல. தோன்றுபவர், நினைக்கப்படுபவர், பெயரால் மட்டும் வருபவர் என்று பட்டியலை மூன்றாகப் பிரித்தால் வந்தியத்தேவன், பெரியவர், வேல்வீரர், பாடும் பெண்கள் முதல் பகுதியில் வருவார்கள். இராஜாதித்தர் இரண்டாவதில் வருவார். பழுவேட்டரையருக்கு மூன்றாவது. பெயர் தெரியாத அந்தப் பெரியவரை மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுவர். விடக்கூடாது. நாயகன் அறியாததை நமக்கும் சேர்த்துச் சொல்பவர் அவர்தான்.

குணநலன் எழுதும்போதும் பக்க எண் விதி பொருந்தும். 'வந்தியத்தேவன் வீரமிக்கவன்' என்று எல்லாரும் எழுதுவர். இந்த அத்தியாயத்தில் அவன் வாளை உருவவே இல்லை. பக்க எண்ணோடு காட்டக்கூடியவை வேறு: காட்சியில் மனம் பறிகொடுப்பவன், தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்பவன், ஒப்புக்கொண்ட பணிக்காக நிற்க விரும்பும் இடத்திலும் நிற்காதவன். வீரம் அடுத்தடுத்த அத்தியாயங்களில் வரட்டும்.

கருப்பொருள் ஒரு சொல் அல்ல, ஒரு வாக்கியம்

'இயற்கை', 'வீரம்', 'சோழர் பெருமை'. கருப்பொருள் என்றதும் மாணவர் எழுதும் சொற்கள் இவை. இவையெல்லாம் பேசுபொருள். ஓர் அத்தியாயம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கும், அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதற்கும் வேறுபாடு உண்டு. சொல்லை வாக்கியமாக்கச் சொன்னால் இந்த வேறுபாடு தானே வெளிவரும். 'சோழர் பெருமை' என்று எழுதிய மாணவரிடம், "பெருமையைப் பற்றி இந்த அத்தியாயம் என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். "சோழர் மக்களுக்கு நன்மை செய்தார்கள்" என்பார். நல்லது, இராஜாதித்தரின் ஏரி சான்று. உடனே அடுத்த கேள்வி: "அப்படியானால் கடைசிப் பக்கங்களில் வேல்வீரர் மக்களை விரட்டுவதை எங்கே வைப்பது?"

வகுப்பு அமைதியாகும். இந்த இடத்துக்குத்தான் வரவேண்டும். ஒரு கருப்பொருள் வாக்கியம் அத்தியாயத்தின் ஒரு பாதியை மட்டும் விளக்கி, மறுபாதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது இன்னும் முதிரவில்லை. எனவே முன்பாதியிலிருந்து ஒரு சான்றும் பின்பாதியிலிருந்து ஒரு சான்றும் கேட்க வேண்டும். அப்படித் திருத்தித் திருத்தி ஒரு வகுப்பு இப்படியொரு வாக்கியத்துக்கு வந்து சேரலாம்: 'ஓர் இளவரசர் மக்களுக்காக அமைத்த ஏரியின் கரையிலிருந்தே, அதிகாரம் மிக்க இன்னொருவருக்கு வழிவிட மக்கள் விலக்கப்படுகிறார்கள்.' வேறொரு குழு, 'பார்க்கத் தூண்டும் மனத்துக்கும் ஏற்ற பணிக்கும் இடையே வந்தியத்தேவன் பணியைத் தேர்கிறான்' என்று எழுதலாம். இதற்கும் சான்று உண்டு. பாட்டுக் கேட்க நின்றவன் பனைக்கொடியைக் கண்டபின் நிற்கவில்லை. இரண்டும் சரியே. ஒரே விடைதான் சரி என்று விடைக்குறிப்பு எழுதிவிட வேண்டாம்.

இதிலே இன்னொரு நுட்பம் இருக்கிறது. சோழ மன்னர்களின் அறத்தையும் வீரத்தையும் புகழ்வது பெரும்பாலும் வந்தியத்தேவனின் எண்ணம். 'நி' என்று நாம் குறியிட்ட வரிகள் அவை. விரட்டப்படுவதோ கண்முன் நடப்பது, 'ந' வரி. அவன் நினைக்கும் சோழ நாட்டுக்கும் அவன் காணும் சோழ நாட்டுக்கும் இடையே ஒரு விரிசல் முதல் அத்தியாயத்திலேயே விழுந்துவிட்டது. முதலில் போட்ட அந்தச் சின்னக் குறிகள் இங்கே கைகொடுக்கின்றன. மேல்நிலை வகுப்பில் இதைச் சொல்லலாம். எட்டாம் வகுப்புக்கு முந்தைய கருப்பொருள் வாக்கியமே போதும். தொடக்கப் பள்ளியில் இந்த அத்தியாயத்தைப் பயன்படுத்தினால் கருப்பொருளையே விட்டுவிட்டு, விழாக் காட்சியை வரையச் சொல்லி, 'யார் வந்தார்கள், என்ன ஆயிற்று' என்று இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுதும்போது 'இந்த அத்தியாயத்தில்' என்ற சொற்றொடரையும் வற்புறுத்துங்கள். முதல் பாகத்தில் மட்டும் 57 அத்தியாயங்கள் இருக்கின்றன. ஓர் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு 'இந்நாவலின் கருப்பொருள்' என்று எழுதினால் அது ஊகம்.

பக்கத்தின் பின்புறம்

சுருக்கத்தில் இடமில்லாத, ஆனால் வீணாக்கக் கூடாத சிலவும் வகுப்பில் கிளம்பும். கல்கியின் வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம் ஏரி. 2004 முதல் அந்த ஏரியின் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் குழாய்வழி வந்து போரூர் நீர்ப்பகிர்வு நிலையத்தில் சேர்கிறது. பூந்தமல்லியிலிருந்து போரூர் கூப்பிடு தூரம்தான். 'நம்ம பக்கத்துக்கு வரும் தண்ணீரா சார் இது?' என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வகுப்பு எழுந்து உட்காரும். தொண்டை நாட்டு ஏரிகளை வந்தியத்தேவன் ஒப்பிடும் இடத்தில் செம்பரம்பாக்கத்தையும் அம்பத்தூர் ஏரியையும் சொல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் இவை எதுவும் கல்கியின் பக்கங்களில் இல்லை. தாளின் பின்புறத்தில் 'எனக்குத் தோன்றியது' என்று தலைப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். முன்புறத்தில் பக்க எண் உள்ளவை மட்டும், பின்புறத்தில் பக்க எண் இல்லாதவை. திரைப்படம் பற்றிய பேச்சுக்கும் அந்தப் பின்புறமே இடம்.

சுருக்கவே கூடாத பகுதி ஒன்றும் உண்டு. விழாக் காட்சியை 'மக்கள் பெருக்கு விழா கொண்டாடினார்கள்' என்று நான்கு சொல்லில் அடக்கிவிடலாம். அடக்கினால் பூக்களும் சோறும் பாட்டும் போய்விடும். அவை போனால் வேல்வீரர் வரும்போது எதைக் கலைத்தார்கள் என்பதே தெரியாது, கருப்பொருளுக்கு நாம் காட்டிய சான்றும் வலுவிழந்துவிடும். எனவே அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் படத்திலிருந்து முழுதாக, ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். இரண்டு பாடவேளையில் முடிக்கலாம். முதல் வேளையில் படிப்பதும் 'ந', 'நி', 'ஆ' குறியிடுவதும் நிகழ்வுகளும். இரண்டாம் வேளையில் காலக்கோடு, மாந்தர், கருப்பொருள். கருப்பொருளுக்குக் குறைந்தது இருபது நிமிடம் ஒதுக்குங்கள், மற்றவற்றை அவசரப்படுத்தினாலும் பாதகமில்லை.

இந்நாவல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. தொடர்கதைக்கே உரிய முறையில் இந்த அத்தியாயமும் ஒரு கேள்வியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் முடிகிறது. சுருக்கம் எழுதும் மாணவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவைக்கப் பார்ப்பார். வேண்டாம். தாளின் கீழே ஒரு கட்டம் போட்டு, 'அந்தப் படகுகளில் வந்தவர்கள் யார் யார்? எங்கே போகிறார்கள்?' என்று எழுதி, விடையைக் காலியாக விடச் சொல்லுங்கள். அடுத்த அத்தியாயங்களைப் படமெடுத்த பிறகு, பக்க எண்ணோடு அதை நிரப்பிக்கொள்ளலாம்.